ஒரு டயப்பர் உண்மையில் என்ன விலை?

மதுரையில் இருக்கும் மகள், "அப்பா, வரும்போது இதே பாக்கெட் ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புகிறாள். திருநெல்வேலியில் அவர் வழக்கமாகப் போகும் மெடிக்கல் ஷாப்பில் அந்தப் படத்தைக் காட்டுகிறார். படத்தில் நீல உறை, சிரிக்கும் குழந்தை, பெரிதாக ஓர் 'எம்', அதன் கீழே 7–12 கிலோ. எத்தனை பீஸ் என்று போட்டிருக்கும் இடத்தில் பாக்கெட்டைப் பிடித்திருக்கும் மகளின் கட்டைவிரல். எண்ணின் முதல் இலக்கமான 7 மட்டும் தெரிகிறது. கடைக்காரர் அலமாரியிலிருந்து மூன்று பாக்கெட்டுகளை எடுத்து வைக்கிறார். மூன்றும் நீல உறை, மூன்றிலும் அதே குழந்தை. "இதுல எது அண்ணாச்சி?"

வீட்டில் குழந்தை இருக்கிற எல்லோருக்கும் இது தெரிந்த நிலைமைதான். படத்தை வைத்துச் சரியான பாக்கெட்டைக் கண்டுபிடிப்பதும், அதன் ஒரு பீஸ் என்ன விலைக்கு வருகிறது என்று பார்ப்பதும் தனித்தனி வேலைகள் போலத் தோன்றும். உண்மையில் இரண்டுக்கும் தேவையான விவரம் பாக்கெட்டின் ஒரே மூலையில் இருக்கிறது. ஆனால் அந்த மூலையைப் பெரும்பாலும் யாரும் படம் எடுப்பதில்லை. (இந்தக் கட்டுரையில் வரும் விலைகள் கணக்குக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் பாக்கெட்டின் விலையை வைத்து அதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.)

முதலில் முன்பக்கத்தைப் பார்ப்போம். பேம்பர்ஸ், மேமிபோகோ, ஹக்கீஸ் என்று எந்த கம்பெனியை எடுத்தாலும் ஒரே பெயரில் பல ரகங்கள் உண்டு. உறையின் நிறமும் குழந்தையின் படமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் வரும் துணைப்பெயர்தான் ரகத்தைப் பிரித்துக் காட்டுகிறது. அதனால் படத்தில் கம்பெனிப் பெயரைக் கண்டதும் நிறுத்திவிடாமல், அடுத்த வரியைப் பெரிதாக்கிப் படிக்க வேண்டும்.

அதற்கடுத்து, அது பேன்ட் மாதிரி மாட்டுகிற டயப்பரா, இரு பக்கமும் ஒட்டுகிற டயப்பரா என்பதைப் பார்க்க வேண்டும். உறையில் இருக்கும் குழந்தையின் இடுப்பைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். இடுப்பைச் சுற்றி முழுக்கச் சுருக்கம் வைத்த எலாஸ்டிக் இருந்தால் பேன்ட். முன்பக்கம் இரண்டு பட்டைகள் ஒட்டியிருந்தால் ஒட்டுகிற வகை. புரண்டு ஓடுகிற பத்து மாதக் குழந்தைக்குப் பேன்ட் கேட்டவளிடம் ஒட்டுகிற வகையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அது பெரும்பாலும் மூலையில்தான் கிடக்கும். பிரித்த பாக்கெட்டைக் கடையில் திரும்ப எடுக்கவும் மாட்டார்கள்.

சைஸ் எழுத்தைவிட அதன் பக்கத்தில் இருக்கும் கிலோக் கணக்கைத்தான் நம்ப வேண்டும். நம் ஊரில் விற்கும் பேன்ட் டயப்பர்களில் பொதுவாக எஸ் என்றால் 4 முதல் 8 கிலோ, எம் 7 முதல் 12, எல் 9 முதல் 14, எக்ஸ்எல் 12 முதல் 17 என்று இருக்கும். ஒட்டுகிற வகையிலோ, வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து தரும் பாக்கெட்டிலோ இந்த எல்லைகள் மாறலாம். எழுத்து ஒன்றாக இருந்தும் கிலோ வேறாக இருந்தால் அது வேறு சைஸ்.

இந்த எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதைக் கவனியுங்கள். பத்து கிலோக் குழந்தைக்கு எம்மும் போடலாம், எல்லும் போடலாம். இங்கேதான் பணம் கைமாறுகிறது. பல கம்பெனிகளின் பெரிய பாக்கெட்டுகளில் எல்லா சைஸுக்கும் ஒரே விலை இருக்கும், உள்ளே இருக்கும் எண்ணிக்கைதான் குறைந்துகொண்டே போகும். எஸ் 86 பீஸ், எம் 76, எல் 64, எக்ஸ்எல் 56 என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் விலை 1,199 ரூபாய். எம் ஒரு பீஸ் 15 ரூபாய் 78 காசு. எல் ஒரு பீஸ் 18 ரூபாய் 73 காசு. குழந்தையின் தொடையில் எலாஸ்டிக்கின் சிவந்த தடம் விழவில்லை, கசியவில்லை, இடுப்பு ஏறி வயிற்றை இறுக்கவில்லை என்றால் பத்து கிலோ ஆனதுமே அடுத்த சைஸுக்கு ஓட வேண்டிய அவசியமில்லை. தடம் விழ ஆரம்பித்த பிறகு மிச்சம் பிடிக்கக் கூடாது.

இப்போது கட்டைவிரல் மறைத்த எண்ணுக்கு வருவோம். மெடிக்கல் ஷாப்பில் நிற்பவர் மகளிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: "பின்னாடி விலை அடிச்சிருக்கிற இடத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்மா."

இந்தியாவில் பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருளில் என்னென்ன அச்சிட வேண்டும் என்பதை 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் சொல்கின்றன. பொருளின் பொதுப்பெயர், தயாரித்தவரின் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், உள்ளே இருக்கும் நிகர அளவு, தயாரித்த மாதமும் வருடமும், எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலையான எம்.ஆர்.பி., புகார் சொல்ல ஓர் எண் ஆகியவை இருக்க வேண்டும். 2021 நவம்பரில் வந்த திருத்தம் இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்தது. அதுதான் யூனிட் சேல் பிரைஸ், அதாவது ஓர் அலகின் விலை. எடை போட்டு விற்கும் பொருளுக்கு அது ஒரு கிராம் அல்லது ஒரு கிலோவின் விலை, எண்ணி விற்கும் டயப்பருக்கு ஒரு பீஸின் விலை.

எண்ணிக்கையைக் காட்ட 'என்' அல்லது 'யு' என்ற ஆங்கில எழுத்தைப் போடுவார்கள். 76 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் தனியாக ஓர் 'என்' நிற்பதைப் பார்த்து இது என்ன சைஸ் என்று குழம்புகிறவர்கள் உண்டு. அது சைஸ் இல்லை, 'எண்ணிக்கை' என்பதன் குறி.

மகள் அனுப்பும் இரண்டாவது படத்தில் அதிகபட்ச விலை 1,199.00 என்றும், ஒரு அலகின் விலை 15.78 என்றும் இருக்கிறது. நிகர அளவு அச்சிட்ட வரி மட்டும் பிளாஸ்டிக் மடிப்புக்குள் போய்விட்டது. பரவாயில்லை. 1,199-ஐ 15.78-ஆல் வகுத்தால் 75.98 வருகிறது. அரைக் காசை முழுமையாக்கியதில் வந்த சின்ன வித்தியாசத்தைத் தள்ளிவிட்டால் 76. அதுதான் விரல் மறைத்த எண். 72 பீஸாக இருந்திருந்தால் ஒரு பீஸ் விலை 16.65 என்றும், 74 ஆக இருந்திருந்தால் 16.20 என்றும் அச்சிட்டிருப்பார்கள். முன்பக்கம் கிழிந்த பாக்கெட், பாதி வெட்டுப்பட்ட படம், பழைய பில்லில் விலை மட்டும் இருக்கும் நிலைமை என்று எங்கேயும் இந்த வகுத்தல் கைகொடுக்கும். விலை, எண்ணிக்கை, ஒரு பீஸ் விலை ஆகிய மூன்றில் எந்த இரண்டு தெரிந்தாலும் மூன்றாவது கிடைத்துவிடும்.

அந்த இடத்தைப் படம் எடுப்பதில் ஒரு சிரமம் உண்டு. உறை வழவழப்பான பிளாஸ்டிக். விலையை முதலிலேயே வண்ணத்தில் அச்சிடுவதில்லை, பாக்கெட் ஆலையை விட்டு வெளியே வரும் நேரத்தில் சின்னச் சின்ன கருப்புப் புள்ளிகளாக மையைத் தெளித்து அச்சிடுகிறார்கள். ஃபிளாஷ் போட்டால் உறை வெள்ளையாகப் பளிச்சிட்டுப் புள்ளிகள் காணாமல் போகும். ஃபிளாஷை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய், வெளிச்சம் சாய்வாக விழும்படி பாக்கெட்டைத் திருப்பி, மடிப்பை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு எடுத்தால் தெளிவாக விழும். அனுப்பும்போது வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். அதில் முதலில் உருக்குலைவது இந்தப் புள்ளி எழுத்துகள்தான், 3 எல்லாம் 8 மாதிரித் தெரியும். ஹெச்.டி. என்ற தேர்வைத் தொட்டு அனுப்பலாம், அல்லது படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பலாம்.

அதே பக்கத்தில் இருக்கும் பார்கோடையும் சேர்த்து எடுத்துவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. கோடுகளுக்கு அடியில் பதின்மூன்று இலக்கங்கள் இருக்கும். ரகம் மாறினால், சைஸ் மாறினால், உள்ளே இருக்கும் எண்ணிக்கை மாறினால் அந்த எண்ணும் மாற வேண்டும் என்பது முறை. உறையின் படம் ஒன்றாக இருக்கும் மூன்று பாக்கெட்டுகளை அது மூன்றாகப் பிரித்துக் காட்டிவிடும். கடையில் பில் போடும் கருவி படிப்பதும் இந்த எண்ணைத்தான். எண்ணைச் சொன்னால் கடைக்காரர் கம்ப்யூட்டரில் தட்டி, "இது ஸ்டாக் இருக்கு, இது இல்ல" என்று உடனே சொல்லிவிடுவார். 890 என்று தொடங்கினால் அந்த எண் இந்தியாவில் பதிவான கம்பெனிக்கு வழங்கப்பட்டது என்று அர்த்தம். பொருள் இங்கேதான் தயாரானது என்பதற்கு அது சான்று இல்லை. அதற்குத் தயாரிப்பாளர் முகவரியைத்தான் பார்க்க வேண்டும்.

படம் மங்கலாக இருக்கிறது, ஓர் இலக்கம் 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. அப்போதும் வழி உண்டு, ஏனென்றால் பார்கோடின் கடைசி இலக்கம் மற்ற பன்னிரண்டையும் சரிபார்ப்பதற்காகவே வைக்கப்பட்டது. உதாரணத்துக்கு 8901234567890 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கத்திலிருந்து ஒன்றாவது, மூன்றாவது, ஐந்தாவது என்று ஒற்றைப்படை இடங்களில் இருக்கும் ஆறு இலக்கங்களைக் கூட்டுங்கள்: 8, 0, 2, 4, 6, 8 சேர்ந்து 28. இரட்டைப்படை இடங்களில் இருப்பவை 9, 1, 3, 5, 7, 9. இவற்றின் கூட்டுத்தொகை 34, அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டையும் கூட்டினால் 130. இதை அடுத்த பத்தின் மடங்காக்க எவ்வளவு சேர்க்க வேண்டுமோ அதுதான் கடைசி இலக்கம். 130 ஏற்கனவே பத்தின் மடங்கு, அதனால் 0. நடுவில் இருக்கும் 3-ஐ 8 என்று தவறாகப் படித்திருந்தால் மொத்தம் 145 ஆகியிருக்கும், கடைசி இலக்கம் 5 ஆக இருந்திருக்க வேண்டும். படத்தில் 0 இருப்பதால் 8 தவறு, 3 தான் சரி. ஓர் இலக்கத்தை மட்டும் தவறாகப் படித்தால் இந்தக் கணக்கு கட்டாயம் காட்டிக்கொடுக்கும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி எழுதிவிட்டால் பெரும்பாலும் கண்டுபிடிக்கும், ஆனால் 3-ம் 8-ம் போல ஐந்து வித்தியாசம் உள்ள இலக்கங்கள் இடம் மாறினால் கண்டுபிடிக்காது.

பாக்கெட் கிடைத்துவிட்டது. இனி விலை.

பாக்கெட்டிலேயே ஒரு பீஸ் விலை 15.78 என்று அச்சிட்டிருக்கும்போது கணக்கு எதற்கு என்று தோன்றும். அந்த எண் எம்.ஆர்.பி.-யை வைத்துப் போட்டது. டயப்பரை எம்.ஆர்.பி.-க்கு யாரும் வாங்குவதே அரிது. சூப்பர் மார்க்கெட்டில் ஒரு தள்ளுபடி, ஆன்லைனில் வேறொரு தள்ளுபடி, மெடிக்கல் ஷாப்பில் பத்து சதவீதம். தள்ளுபடி கடைக்குக் கடை மாறும்போது, அச்சிட்ட விலைகளை ஒப்பிட்டால் தவறான பாக்கெட்டைத்தான் எடுப்போம். அச்சிட்ட விலை எண்ணிக்கையைச் சரிபார்க்க உதவும், எது மலிவு என்று முடிவுசெய்ய உதவாது. கையிலிருந்து போகும் பணத்தை எண்ணிக்கையால் வகுப்பதுதான் சரி.

நம் 76 பீஸ் பாக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். சூப்பர் மார்க்கெட்டில் 999 ரூபாய், ஒரு பீஸ் 13 ரூபாய் 14 காசு. ஆன்லைனில் 899 ரூபாய், ஒரு பீஸ் 11 ரூபாய் 83 காசு. டெலிவரிக்கு 40 ரூபாய் கேட்டால் 939 ஆகி 12 ரூபாய் 36 காசாகிவிடும். இருந்தும் சூப்பர் மார்க்கெட்டைவிடக் குறைவுதான். அதே ரகத்தின் 20 பீஸ் சின்ன பாக்கெட் மெடிக்கல் ஷாப்பில் 349 ரூபாய், பத்து சதவீதத் தள்ளுபடி போக 314. ஒரு பீஸ் 15 ரூபாய் 70 காசு. பெரிய பாக்கெட்டே லாபம் என்று இந்தக் கணக்கு சொல்கிறது. இங்கே நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் கணக்கில் ஒரு முக்கியமான ஆள் விட்டுப்போகிறார்: வளர்ந்துகொண்டே இருக்கும் குழந்தை.

899 ரூபாய்க்கு வாங்கிய 76 பீஸில் 50 தீர்ந்ததும் குழந்தைக்கு எம் சைஸ் பற்றாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 26 யாருக்காவது கொடுத்ததாகிவிடும். 899-ஐ ஐம்பதால் வகுத்தால் பயன்படுத்திய ஒரு பீஸின் விலை ஏறக்குறைய 18 ரூபாய். சின்ன பாக்கெட்டின் 15 ரூபாய் 70 காசைவிட அதிகம். பெரிய பாக்கெட் எப்போது லாபம் தரும் என்பதையும் வகுத்தே பார்த்துவிடலாம். 899-ஐ 15.70-ஆல் வகுத்தால் 57 சொச்சம். அதாவது 58 பீஸாவது இந்தக் குழந்தைக்கே போட முடியும் என்றால்தான் பெரிய பாக்கெட். ஒரு நாளைக்கு ஐந்து டயப்பர் மாற்றும் வீட்டில் அது பன்னிரண்டு நாள், தயங்காமல் வாங்கலாம். பகலில் துணி நாப்கின், இரவுக்கும் வெளியூர் பயணத்துக்கும் மட்டும் டயப்பர் என்று இருக்கும் வீட்டில் நாளைக்கு இரண்டுதான் செலவாகும். அங்கே 58 பீஸ் தீர ஒரு மாதம் ஆகும். எடை எல்லையின் மேல்விளிம்பில் இருக்கும் குழந்தைக்கு அந்த ஒரு மாதம் கிடைக்குமா என்று யோசித்துவிட்டு வாங்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு இது இன்னும் பொருந்தும். முதல் மாதங்களில்தான் எடை வேகமாக ஏறும். வளைகாப்புக்கே நியூபார்ன் சைஸில் பெரிய பாக்கெட்டுகளை வாங்கி அடுக்குவதை நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒன்று இரண்டாகத் தொங்கும் டயப்பர்களையும் ஒதுக்கிவிட வேண்டாம். சில்லறை வாங்குவது எப்போதும் விலை அதிகம் என்ற எண்ணம் இங்கே சில நேரம் பொய்த்துப்போகும். சின்ன உறையின் விலை பத்து, பதினைந்து என்ற வட்டத் தொகைக்குள் நிற்க வேண்டும் என்பதால், நடுத்தர பாக்கெட்டைவிட ஒரு பீஸ் குறைவாக வரலாம். அதுவும் நீங்கள் வாங்கும் அதே ரகம்தானா என்பதைத் துணைப்பெயரில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒற்றை டயப்பர் உறையில் ஒரு பீஸ் விலை என்ற வரி தனியாக இல்லாவிட்டால் அது தவறில்லை. உறையின் விலையும் ஒரு பீஸின் விலையும் ஒன்றாக இருக்கும்போது அதைத் தனியாக அச்சிட விதியில் கட்டாயம் இல்லை.

ஒரே பாக்கெட்டில் இரண்டு விலை கண்ணில் பட்டால் குழம்ப வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் குழந்தைகளுக்கான டயப்பர் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் அச்சிட்ட சரக்கில் புதிய விலையை ஸ்டிக்கராக ஒட்டவோ முத்திரையாகக் குத்தவோ அனுமதித்தார்கள், பழைய விலை மறையக் கூடாது என்ற நிபந்தனையோடு. வரிக்குறைப்பு முழுவதும் வாங்குபவருக்கு வந்தால் 1,199 ரூபாய்ப் பாக்கெட் ஏறக்குறைய 1,124 ரூபாயாக வேண்டும். பழைய படம் ஒன்றை வைத்துக்கொண்டு கடையில் விலையை ஒப்பிடும்போது இது முக்கியம். படத்தில் தயாரித்த மாதம் அந்தத் தேதிக்கு முந்தையதாக இருந்தால், அதில் இருக்கும் விலையையும் ஒரு பீஸ் விலையையும் இன்றைய ஒப்பீட்டுக்கு எடுக்கக் கூடாது. எண்ணிக்கையைக் கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்தலாம், அதுவும் விலையும் ஒரு பீஸ் விலையும் ஒரே அச்சிலிருந்து எடுத்தவையாக இருந்தால்தான்.

ஆன்லைன் படங்கள் தனி உலகம். தலைப்பில் "76 பீஸ், 2 பேக்" என்று இருக்கும், விலை 949 ரூபாய். மொத்தமே 76-ஆ, 38 பீஸ் கொண்ட இரண்டு பாக்கெட்டா, இல்லை 76 வீதம் இரண்டா? முதல் இரண்டும் சரியென்றால் ஒரு பீஸ் 12 ரூபாய் 49 காசு. மூன்றாவது என்றால் 6 ரூபாய் 24 காசு. ஊரெல்லாம் பன்னிரண்டு ரூபாய்க்கு விற்கும் பொருள் ஒரு கடையில் மட்டும் ஆறு ரூபாய்க்கு வருகிறது என்றால் எண்ணிக்கையை நாம் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். விலைக்குப் பக்கத்தில் அந்தத் தளமே காட்டும் ஒரு பீஸ் விலையையும் அப்படியே நம்ப முடியாது. விற்பனையாளர் பதிவுசெய்த எண்ணிக்கையால் வகுத்துத்தான் அது வருகிறது. அவர் 76 என்று போட வேண்டிய இடத்தில் 2 என்று பாக்கெட் கணக்கைப் போட்டிருந்தால் ஒரு பீஸ் 474 ரூபாய் 50 காசு என்று திரையில் நிற்கும்.

இதைத் தீர்க்க, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் கடைசிவரை போய்ப் பாருங்கள். குழந்தை சிரிக்கும் படங்கள் முடிந்த பிறகு, பல பக்கங்களில் பாக்கெட்டின் பின்புறப் படம் ஒன்று இருக்கும். நிகர அளவும் எம்.ஆர்.பி.-யும் அங்கே தெரியும். 2018 ஜனவரி முதல் ஆன்லைனில் விற்பவர்களும் பாக்கெட்டில் இருக்க வேண்டிய விவரங்களைத் திரையில் காட்டியாக வேண்டும், தயாரித்த மாதம் வருடம் மட்டும் விதிவிலக்கு. அதனால் படம் இல்லாவிட்டாலும் பொருள் விவரப் பகுதியில் நிகர அளவு என்ற வரியைத் தேடலாம். தலைப்பும் அந்த வரியும் முரண்பட்டால், நிகர அளவைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். வந்த பாக்கெட்டில் எண்ணிக்கை குறைந்தாலோ, கடையில் எம்.ஆர்.பி.-க்கு மேல் கேட்டாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். விலை மூலையின் படமும் பில்லும் கையில் இருந்தால் புகார் வலுவாக நிற்கும்.

ஒரு பீஸ் விலை ஒன்றுதான் என்றாலும் இரண்டு ரகங்களின் ஒரு நாள் செலவு ஒன்றாக இருக்காது. மலிவான ரகம் சீக்கிரம் கசிந்து நாளைக்கு ஆறு போட வைத்தால், 12 ரூபாய் வீதம் 72 ரூபாய். 15 ரூபாய் ரகம் நான்கில் முடிந்தால் 60 ரூபாய். இதைப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. உறையில் பன்னிரண்டு மணி நேரம் என்று போட்டிருப்பதை வைத்தும் முடிவுசெய்யக் கூடாது, மலம் கழித்தால் எந்த ரகத்தையும் உடனே மாற்றித்தான் ஆக வேண்டும். புது ரகம் என்றால் முதலில் சின்ன பாக்கெட் வாங்கி, ஒரு வாரம் போட்டுப் பார்த்து எத்தனை செலவானது என்று குறித்துக்கொண்ட பிறகு பெரிய பாக்கெட்டுக்குப் போவதே சரி.

வெட் வைப்ஸில் ஏமாற இன்னும் அதிக இடம் இருக்கிறது, ஏனென்றால் அதில் பீஸுக்குச் சைஸ் எழுத்தே கிடையாது. முகம் துடைக்கும் வைப்ஸ், மேஜை துடைக்கும் வைப்ஸ், குழந்தைக்கான வைப்ஸ் மூன்றும் ஒரே வடிவப் பொதியில், அதே மாதிரி ஒட்டும் மூடியோடு வருகின்றன. படத்தில் மூடிப் பக்கம் மட்டும் இருந்தால் போதாது. பின்பக்கத்தில் பொருளின் பொதுப்பெயரில் குழந்தைக்கான வைப்ஸ் என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கட்டாக வாங்கும்போது 72 பீஸ் மூன்று பொதி என்றால் வெளி உறையில் மூன்றாலும் பெருக்கி 216 என்று போட்டிருப்பார்கள். வெளி உறைக்கு ஒரு பார்கோடு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொதிக்கும் வேறு பார்கோடு. உள்பொதியின் படத்தைக் காட்டி வெளிக்கட்டின் விலையை ஒப்பிட்டால் கணக்கு மூன்று மடங்கு தப்பும்.

அதற்குப் பிறகு தாளின் அளவைப் பார்க்க வேண்டும். பல பொதிகளில் பின்பக்கம் சின்ன எழுத்தில் நீள அகலம் இருக்கும். ஒரு பொதியில் 72 தாள், விலை 108 ரூபாய், ஒரு தாள் ஒன்றரை ரூபாய். இன்னொன்றில் 80 தாள், விலை 104 ரூபாய், ஒரு தாள் 1 ரூபாய் 30 காசு. இரண்டாவதுதான் மலிவு என்று கை நீளும். முதல் பொதியின் தாள் 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், பரப்பு 300 சதுர செ.மீ. இரண்டாவது 17-க்கு 14, பரப்பு 238. நூறு சதுர செ.மீ. கணக்கில் பார்த்தால் முதலாவது 50 காசு, இரண்டாவது ஏறக்குறைய 55 காசு. தாள் சிறிதாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டு உருவ வேண்டிவரும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் 104 ரூபாய்ப் பொதி முந்திக்கொண்டு தீர்ந்துபோகும். நீள அகலம் அச்சிடாத பொதி என்றால், வீட்டில் இருக்கும் பொதியிலிருந்து ஒரு தாளை இழுக்காமல் மேஜைமேல் விரித்து ஸ்கேலால் அளந்து, பாக்கெட் படத்தோடு சேர்த்துப் போனில் குறித்து வைத்துக்கொள்ளலாம். இழுத்துப் பிடித்து அளந்தால் ஈரத் துணி ஓரிரண்டு செ.மீ. கூடுதலாகக் காட்டும்.

கடைசியாக மூடி. ஒட்டுத்தாள் மட்டும் உள்ள பொதி, பிளாஸ்டிக் மூடி வைத்த பொதியைவிடச் சில ரூபாய் குறைவாக இருக்கும். நம் ஊர் வெயிலில், மெதுவாகச் செலவாகும் வீட்டில், ஒட்டும் பசை பிடிப்பு விட்டதும் மேலே இருக்கும் தாள்கள் காய்ந்துவிடும். 72-இல் எட்டு காய்ந்து தூக்கிப்போட்டால் 108 ரூபாயை 64-ஆல் வகுக்க வேண்டும், ஒரு தாள் 1 ரூபாய் 69 காசு ஆகிவிடும். நாளைக்குப் பத்துப் பதினைந்து தாள் செலவாகும் வீட்டில் ஒரு வாரத்துக்குள் பொதி தீர்ந்துவிடும், அங்கே மூடி தேவையில்லை. பயணத்துக்கு மட்டும் வைப்ஸ் எடுக்கிறவர்கள் மூடி வைத்ததையோ, பத்து இருபது தாள் உள்ள சின்னப் பொதியையோ வாங்குவது நல்லது. பிரித்த பொதியைக் கவிழ்த்து வைத்தால் அடியில் தேங்கும் ஈரம் முதலில் உருவும் தாள்களுக்கு வந்து சேரும்.